குறட்டை நின்றால் மட்டும் போதாது

தூக்கத்தில் தாடையும் நாக்கும் பின்னால் சரிவதால் தொண்டை குறுகுகிறது. காற்று இடித்துப் புகும்போது குறட்டை வருகிறது. முழுவதும் அடைபட்டால் மூச்சே நின்றுபோகிறது. பல்லில் மாட்டும் தாடைக் கருவி, கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடித்து அந்த வழியைத் திறந்துவைக்கிறது.

ஆனால் நேராகப் பல் மருத்துவரிடம் போவது சரியல்ல. முதலில் மருத்துவர் தூக்கப் பரிசோதனை செய்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கடுமையானவர்களுக்குக் காற்றழுத்தக் கருவியான சிபாப்தான் முதல் தேர்வு.

உதாரணமாக ஒருவருக்கு 22 முறை என்று வைத்துக்கொள்வோம். பல் மருத்துவர் பற்களின் உறுதி, ஈறு, தாடை மூட்டு ஆகியவற்றைச் சோதிக்கிறார். தாடை 10 மில்லிமீட்டர் முன்னால் வருமென்றால் 5-இல் தொடங்கி, அரை அரை மில்லிமீட்டராக நகர்த்துகிறார். 7-இல் குறட்டை நிற்கிறது. வீட்டாருக்கு நிம்மதி.

இங்கேதான் ஏமாறுகிறோம். சத்தம் அடங்கிய பிறகும் மூச்சுத் தடை தொடரலாம். அதனால் கருவியை மாட்டியபடியே மருத்துவர் மறுபடி பரிசோதிக்கிறார். 14 என்று வந்தால், பல் மருத்துவர் இன்னும் சற்று முன்னால் நகர்த்துவார். அப்படியும் குறையாவிட்டால் சிபாப்.

காலையில் தாடை வலி சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். கடிக்கும்போது பற்கள் பழையபடி பொருந்தாவிட்டால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.