விறைப்பின் கணக்கு – 7: இரண்டு கம்பிகள், ஒரு மூட்டு

கிண்டி தொழிற்பேட்டையிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை பரவியிருக்கும் பட்டறைகளில் இரும்பு ஆங்கிளால் ஆன ட்ரஸ் புதிதல்ல. அதில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்வோம்: சுவரிலிருந்து நீண்டு, நுனியில் செயின் பிளாக் தொங்கவிடும் பிராக்கெட். மேலே 1.2 மீட்டர் நீளக் கிடைக்கம்பி. அதன் சுவர்முனைக்கு 0.9 மீட்டர் கீழே சுவரில் தொடங்கி நுனிக்குச் சாய்வாக ஏறும் 1.5 மீட்டர் கம்பி. நுனியில் 10 கிலோநியூட்டன், அதாவது சுமார் ஒரு டன் சுமை. இந்த நுனி எவ்வளவு நகரும் என்பதே கேள்வி. கம்பிகளின் விசையை முதலில் கண்டு, பிறகு நகர்வைத் தேடுவது நமக்குப் பழகிய வழி. நகர்வை முதலில் கண்டால் விசை தானாக வரும் என்பதும், அந்த வரிசையே அதிக தூரம் கொண்டுபோகும் என்பதும் என் வாதம்.

சென்ற வாரம் ஒரு கம்பியின் விறைப்பு EA/L என்று கண்டோம். இரண்டுக்கும் குறுக்குப்பரப்பு 600 சதுர மி.மீ., எஃகின் E மதிப்பு 2 லட்சம் நியூட்டன்/சதுர மி.மீ. என்றால், கிடைக்கம்பியை 1 மி.மீ. நீட்ட 100 கிலோநியூட்டன் வேண்டும், சாய்கம்பிக்கு 80. இப்போது நுனியை மட்டும் வலப்புறம் 1 மி.மீ. தள்ளுவதாக நினையுங்கள். கிடைக்கம்பி முழு 1 மி.மீ. நீளும். சாய்கம்பியின் கொசைன் 0.8 என்பதால் அது 0.8 மி.மீ. மட்டுமே நீண்டு, 64 கிலோநியூட்டனால் எதிர்க்கும். அதில் கிடைப்பங்கு 51.2, செங்குத்துப் பங்கு 38.4. அடுத்து, நுனியை 1 மி.மீ. மேலே தூக்கினால் கிடைக்கம்பிக்கு நீட்சியே இல்லை; சாய்கம்பி 0.6 மி.மீ. நீண்டு, கிடையாக 38.4-ஐயும் செங்குத்தாக 28.8-ஐயும் கேட்கும். ஒரே மூட்டில் சேரும் இந்த எதிர்ப்புகளைக் கூட்டுவதுதான் ‘அணியைத் தொகுத்தல்’:

```
| 151.2  38.4 | |u|   |   0 |
|  38.4  28.8 | |v| = | -10 |
```

மூன்று மூட்டுகளுக்கும் எழுதினால் அணி 6×6 ஆக இருக்கும். சுவரில் பதிந்த இரண்டு மூட்டுகளும் நகராததால் அவற்றின் வரிசைகளும் நிரல்களும் நீங்கிவிட்டன. நீக்க மறந்தால் அணிக்கோவை சுழியாகும், விடை கிடைக்காது. எதிலும் மாட்டப்படாத ட்ரஸ் எங்கு வேண்டுமானாலும் மிதந்து போகலாம் என்பதையே அந்தச் சுழி சொல்கிறது. நம் அணிக்கோவை 2880. தீர்த்தால் u = 0.133 மி.மீ. வலப்புறம், v = 0.525 மி.மீ. கீழ்நோக்கி. கிடைக்கம்பியின் விசை 100 × 0.133 = 13.3 கிலோநியூட்டன் இழுவிசை; சாய்கம்பியில் 16.7 அமுக்குவிசை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இதே 13.3-ஐயும் 16.7-ஐயும் மூட்டின் சமநிலையை வைத்தே இரண்டு வரியில் கண்டிருக்கலாமே, அணி எதற்கு? விசைகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்த இரண்டு வரிகளில் பரப்பும் இல்லை, E-யும் இல்லை. ஆகவே நுனி எவ்வளவு இறங்கும் என்று அவை சொல்லவே முடியாது. இதன் மறுபக்கம் ஓர் எச்சரிக்கை: E-யின் மதிப்பில் தவறுதலாக ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டாலும் விசைகள் சரியாகவே வரும், சமநிலைச் சோதனையும் தேறும், நகர்வு மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். இத்தகைய ட்ரஸில் விசை சரிபார்ப்பு நகர்வுக்கு உத்தரவாதம் ஆகாது. நகர்வைத் தனியாக, தோராயமாகவேனும், கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

நடைமுறை சார்ந்த மறுப்பு இன்னும் கனமானது. 16 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போடுகிறோம்; அந்த இடைவெளியில் மூட்டு வழுக்கினால், நாம் கணக்கிட்ட அரை மி.மீ. அதில் மறைந்துபோகுமே? ஆம், மறைந்துபோகும். மூட்டில் தளர்வில்லை என்பதும், சாய்கம்பி வளைந்து நொடியாது என்பதும் இம்முறையின் அனுமானங்கள். நொடிதலைத் தனியே சோதித்தாக வேண்டும். பற்றவைத்த மூட்டில் வழுக்கல் இல்லாததால் 0.525 நிஜத்துக்கு நெருங்கி வரும்.

முறையின் பலம் தெரிய மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்ப்போம்: கிடைக்கம்பியின் சுவர்முனைக்கு 0.9 மீட்டர் மேலிருந்து நுனிக்கு இறங்கும், அதே அளவுள்ள சாய்கம்பி. இப்போது அறியாத விசைகள் மூன்று, சமநிலைச் சமன்பாடுகள் இரண்டுதான். பழைய வழி அங்கேயே நின்றுவிடும். அணியிலோ 51.2, −38.4, 28.8 என்ற எண்களை உரிய கட்டங்களில் கூட்டினால் போதும். மூலைவிட்டத்தில் 202.4-உம் 57.6-உம் நிற்க, மற்ற இரண்டு கட்டங்களும் சுழியாகின்றன. நுனி பக்கவாட்டில் நகரவே இல்லை, கீழே 0.174 மி.மீ. மட்டும் இறங்குகிறது. மேல் சாய்கம்பியில் 8.3 இழுவிசை, கீழ்ச் சாய்கம்பியில் 8.3 அமுக்குவிசை. முன்பு 13.3 கிலோநியூட்டன் சுமந்த கிடைக்கம்பியில் இப்போது விசையே இல்லை.