இருநூறு ரூபாய் போகும் வழி

காய்கறிக் கடையின் யுபிஐ முகவரி `kadai@bank` என்று வைத்துக்கொள்வோம். @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், கடைக்காரரின் கணக்கு இருக்கும் வங்கியைக் காட்ட வேண்டியதில்லை. அந்த முகவரியை வழங்கிய வங்கியைத்தான் காட்டுகிறது. நாம் 200 ரூபாய் அனுப்பினால், தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ முதலில் அந்த வங்கியிடம் கேட்டு, முகவரிக்குப் பின்னாலுள்ள உண்மையான கணக்கைத் தெரிந்துகொள்கிறது.

பிறகு நம் வங்கிக்குக் கோரிக்கை போகும். பின் எண்ணைச் சரிபார்த்து, அது 200 ரூபாயைக் கழிக்கும். அடுத்து கடைக்காரரின் வங்கிக்குச் செய்தி போகும். அது அவர் கணக்கில் வரவு வைக்கும். எல்லாம் சில விநாடிகளில்.

ஆனால் அந்த நேரத்தில் வங்கிக்கும் வங்கிக்கும் இடையே பணம் கைமாறுவதில்லை. எல்லா வங்கிகளுக்கிடையே நடந்த வரவு செலவுகளையும் என்பிசிஐ கூட்டிக் கழித்து, ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு தர வேண்டும் அல்லது பெற வேண்டும் என்ற நிகரத் தொகையை எடுக்கிறது. ரிசர்வ் வங்கியில் அவை வைத்திருக்கும் கணக்குகளில், ஒரே நாளில் பல சுற்றுகளாக அந்தத் தொகை தீர்க்கப்படுகிறது. கடைக்காரர் காத்திருப்பதில்லை; அவருடைய வங்கிதான் காத்திருக்கிறது.

நம் கணக்கில் பணம் கழிந்து, வரவுக்கான பதில் மட்டும் வராமல் போனால் திரையில் ‘நிலுவை’ என்று தெரியும். அப்போது உடனே மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டு முறையும் போய்ச் சேரக்கூடும். தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. புகார் செய்ய, ரசீதிலுள்ள 12 இலக்கக் குறிப்பு எண் போதும்.