கோணல் நிலத்தை நாடா ஒன்றாலேயே அளத்தல்

சங்கத்திற்குக் கிடங்கு கட்ட நிலம் வாங்கும் பேச்சு எழுந்தால், அங்கத்தினர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சென்ட்?" என்பதே. அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்திலும் இக்கேள்வி எழுந்தது. நிலத்துக்காரர் நான்கு பக்கங்களையும் அளந்து வைத்திருந்தார்: 24, 32, 30, 26 மீட்டர். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரி 27, 29. இரண்டையும் பெருக்க 783 சதுர மீட்டர்; அதாவது 19 சென்டுக்குச் சற்று மேல். விலையும் அக்கணக்கிலேயே பேசப்பட்டிருந்தது.

இவ்வழி நாட்டில் பரவலாக வழங்குவதே. எனினும் நான்கு மூலைகளும் செங்கோணமாயிருந்தாலன்றி இது மெய்யளவைத் தராது. எப்போதும் கூட்டியே காட்டும். நான்கு மூங்கிற் கழிகளை மூலைகளில் கயிற்றால் கட்டிச் சட்டம் செய்து, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கழிகளின் நீளம் மாறுவதில்லை. சட்டமோ சாய்ந்து ஒடுங்குகிறது. குறுக்கே ஒரு கழியைக் கட்டிவிட்டால் பிறகு அது அசையாது. நிலத்திலும் அந்தக் குறுக்குக் கழியே தேவை.

மூலைக் கற்களுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டோம். குறுக்குக் கோடுகள் இரண்டில் எதை அடிக்கோடாகக் கொள்வது? ஆ–ஈ கோடு 28.7 மீட்டர். அ–இ கோடு 48 மீட்டர். நெடியதைக் கொண்டால் முக்கோணங்கள் தட்டையாகிவிடும். அவற்றின் உச்சியில் விற்கள் சரிவாக வெட்டிக்கொள்வதால் வெட்டும் புள்ளி எதுவெனத் தெளிவாகத் தெரியாது. குறியதைக் கொண்டாலோ இரு முக்கோணங்களும் ஏறக்குறைய சமபக்கமாக அமைகின்றன. ஆகவே ஆ–ஈ கோட்டையே அடிக்கோடாக்கினோம்.

2 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் ஆ–ஈ கோட்டை 14.35 சென்டிமீட்டராக வரைந்தோம். ஆ-விலிருந்து 12, ஈ-யிலிருந்து 13 சென்டிமீட்டர் விற்கள் வெட்டுமிடம் அ. மறுபுறம் இவ்வாறே இ. கவராயம் எட்டாவிட்டால், காகிதக் கீற்றில் இரு துளையிட்டு, ஒன்றில் குண்டூசியும் மற்றதில் பென்சிலும் வைத்துச் சுற்றலாம்.

படம் அழகாகவே முடிந்தது. இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். மூன்று நீளங்களில் ஒன்று பிழையானாலும் முக்கோணம் மூடிக்கொள்ளும். பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதற்காகவே அ–இ என்ற நெடுங்கோட்டை வரைவதற்கன்றிச் சோதிப்பதற்கென அளந்து வைத்திருந்தோம். அது படத்தில் 24 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும், இருந்ததோ 23.7. பென்சில் முனையின் பருமனால் அரை மில்லிமீட்டர் பிசகலாம். மூன்று மில்லிமீட்டர் பிசகாது.

சோதனைக்கோடு பிழை உண்டென்று சொல்லுமே தவிர, எந்தக் கோட்டிலென்று சொல்லாது. நம் நாடா 30 மீட்டர் நீளமுடையது. ஆகவே அதற்கு மேற்பட்ட ஆ–இ பக்கத்தையே முதலில் ஐயுற்றோம். நிலத்துக்காரர் 32 என்றிருக்க, நம் குறிப்பேட்டில் 31 என்றிருந்தது. மீண்டும் அளந்தோம். இரண்டாம் முறை நாடாவை நீட்டியபோது கிடைத்த 2 மீட்டரை எழுதியவர் 1 என்று பதிந்திருந்தார். (எழுதியவர் நாமே என்பதையும் சொல்லிவிடுவது முறை.) 16 சென்டிமீட்டர் வில் கொண்டு திருத்தியதும் அ–இ கோடு 24-க்கு வந்து நின்றது.

பிறகு அடிக்கோட்டிற்கு அ-விலிருந்தும் இ-யிலிருந்தும் செங்குத்து இறக்கி அளந்தோம்: 10.2, 13.7 சென்டிமீட்டர், நிலத்தில் 20.4, 27.4 மீட்டர். இரண்டையும் கூட்டி, 28.7 ஆல் பெருக்கி, பாதியாக்க 686 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டராதலின், 17 சென்டுக்குச் சற்றுக் குறைவு.

இ–ஈ பக்கத்தில் மட்டும் ஓடைக்கரை வெளிநோக்கி வளைந்திருந்தது. அது நிலத்துக்காரர் கணக்கில் சேரவில்லை. நியாயமாக அவருக்குச் சேர வேண்டியதே. இரு கற்களுக்கிடையே கயிறு கட்டி, 5 மீட்டருக்கு ஒருமுறை கரைக்குள்ள தூரத்தை அளந்தோம்: 1.2, 2.0, 2.4, 1.8, 0.9 மீட்டர். செங்குத்தாக அளக்கக் கருவி வேண்டுவதில்லை. கரையிலுள்ள புள்ளியில் நாடாவின் முனையைப் பிடித்து, மறுபுறத்தைக் கயிற்றின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினால், மிகக் குறைந்த அளவு காட்டுமிடமே செங்குத்து. அது 5 மீட்டர் குறியில் விழும்வரை கரையிலுள்ளவர் சற்று நகர வேண்டும். ஐந்தின் கூட்டுத்தொகை 8.3, ஐந்தால் பெருக்க 41.5 சதுர மீட்டர். இதையும் சேர்த்தால் மொத்தம் 18 சென்ட்.

சரிவில் நாடாவைத் தரையோடு கிடத்தினால் நீளம் கூடிவிடும். கிடைமட்டமாகவே பிடித்தல் வேண்டும். துணி நாடா பழகப் பழக நீளுமாதலால், அதை எஃகு நாடாவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நன்று. கல் பெயர்ந்திருந்தாலோ எல்லை வழக்கிலிருந்தாலோ இந்தப் படம் தீர்வாகாது. சர்வேயரின் புலப்படமே அதற்குச் சான்று. அந்தச் சங்கத்தார் புலப்படத்தின் நகலுக்கு மனுச்செய்துவிட்டு, விலைப்பேச்சை அதுவரை நிறுத்தி வைத்தனர்.