சிவகாசிப் பெட்டியின்மேல் ஒப்புமைச் சொற்கள்

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற சிவகாசி, அவற்றைப் பொதிவதற்கான பெட்டிகளையும், அவற்றின்மேல் ஒட்டும் லேபிள்களையும் தானே அச்சிட்டுக்கொள்ளும் ஊராதலால், விருதுநகர் மாவட்டத்து மேஜை ஒன்றில் எழுதப்பட்ட ஆங்கில வாக்கியம், தீபாவளிக்கு முன்பே வடதேசத்துக் கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவ்வாறு போகும் வாக்கியங்களில், ‘மோர் பெட்டர்’ என்றும், ‘மோஸ்ட் பெஸ்ட்’ என்றும், ‘ஆஸ் லவுடர் லைக்’ என்றும் வரும் பிரயோகங்களை அறியாமையின் விளைவென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவை தமிழின் உள்ளமைப்பிலிருந்து ஒழுங்காகப் பிறந்தவை என்பதைக் கண்டறிந்தாலன்றி அவற்றைத் திருத்த இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

‘புஸ்வாணத்தைவிடச் சக்கரம் நல்லது’ என்று நாம் சொல்லும்போது, ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘விட’ என்னும் சொல்லே செய்துவிடுகிறது. ‘நல்லது’ என்ற சொல்லோ, ஒப்பீடு இல்லாத இடத்தில் எப்படி நிற்குமோ அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கிறது. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு உரைத்த பொருள்களுள் ஒப்பும் எல்லையும் இருப்பதை நினைத்துப் பார்த்தால், ஒப்புமையைப் பெயர்ச்சொல்லின் பக்கத்தில் வைப்பது நமக்கு எத்துணைப் பழைய வழக்கம் என்பது புலப்படும். திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும், ஆங்கிலத்தில் உள்ளதுபோல் பண்புச்சொல்லோடு சேர்ந்து தரத்தைக் காட்டும் விகுதி இப்பாஷைகளில் இல்லை என்பதைக் குறித்திருக்கிறார். ஆங்கிலமோ, ஒப்பிடும் சுமையைப் பண்புச்சொல்லின் தலையிலேயே ஏற்றுகிறது: ‘சேஃப்’ என்பது ‘சேஃபர்’ ஆகிறது, ‘டேஞ்சரஸ்’ போன்ற நீண்ட சொல்லுக்கு விகுதி ஒட்டாததால், அதன் முன்னே ‘மோர்’ வந்து நிற்கிறது. இவ்விரு வழிகளில் ஒன்றைத்தான் ஒரு சொல் கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுத்ததாக முடியும்.

அப்படியிருக்க, ‘பெட்டர்’ என்பதற்கு முன்னால் ‘மோர்’ ஏன் வருகிறது? நம் அன்றாடப் பேச்சில் ‘பெட்டர்’ என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்து குடியேறியபோது, தன் தரத்தை இழந்து, வெறும் ‘நல்லது’ என்ற பொருளுடன் நிலைத்துவிட்டது. ‘இந்தக் காகிதம் அதைவிட பெட்டர்’ என்று அச்சகத்தில் ஒருவர் சொன்னால், ஒப்புமை ‘விட’ என்பதில் இருக்கிறது. ‘ரொம்ப பெஸ்ட்’ என்று சொன்னால், ‘பெஸ்ட்’ வெறும் பாராட்டுச் சொல். அதே மனிதர் ஆங்கில வாக்கியம் எழுத உட்காரும்போது, தரமிழந்த ‘பெட்டர்’ என்பதற்கு ஒரு தரத்தைக் கூட்ட வேண்டும் என்று அவர் உள்ளம் உணர்கிறது. ‘இன்னும்’ என்ற தமிழ்ச் சொல்லின் இடத்தில் ‘மோர்’ வந்து அமர்கிறது. ஆகையால் ‘மோரை அடித்துவிடு’ என்று சொல்வதோடு ஆசிரியர் நிறுத்திக்கொண்டால், மாணவன் சொல்ல விரும்பிய அழுத்தத்தையும் சேர்த்து அடித்தவராகிறார். அந்த அழுத்தத்திற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு: ‘இன்னும் நல்லது’ என்பதற்கு ‘ஈவன் பெட்டர்’, ‘மிகவும் நல்லது’ என்று ஒப்பிட்டுச் சொல்வதற்கு ‘மச் பெட்டர்’ அல்லது ‘ஃபார் பெட்டர்’, ‘எல்லாவற்றிலும் தலைசிறந்தது’ என்பதற்கு ‘பை ஃபார் தி பெஸ்ட்’. தரம் ஒருமுறை, அழுத்தம் வேறு சொல்லால்.

இரட்டைத் தரம் ஆங்கிலேயருக்கும் ஒருகாலத்தில் அந்நியமாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் தம்முடைய ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்திலேயே, துயரத்தின் உச்சியில், ‘மோஸ்ட்’ என்பதையும் உச்சத்தரத்து விகுதியையும் ஒரே சொல்லில் சேர்த்திருக்கிறார். 1762இல் ராபர்ட் லௌத் எழுதியது போன்ற இலக்கண நூல்கள் தோன்றிய பிறகே அது பிழையென்று நிலைபெற்றது. ‘லெஸ்ஸர்’ என்னும் சொல்கூட, ஏற்கெனவே தரம் கொண்ட ‘லெஸ்’ என்பதோடு விகுதி மீண்டும் ஒட்டிப் பிறந்ததே. அது இரண்டில் சிறியது அல்லது மதிப்பில் தாழ்ந்தது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. புகையின் அளவைச் சொல்ல அது உதவாது. ‘லெஸ்ஸர் ஸ்மோக்’ என்று அச்சிடாமல் ‘லெஸ் ஸ்மோக்’ என்று அச்சிடுவதே முறை.

இனி, சமத்துவத்தைக் காட்டும் ‘ஆஸ்–ஆஸ்’ அமைப்பு. தமிழில் ‘அதைப்போல் அவ்வளவு சத்தம் இல்லை’ என்கிறோம். முதல் ‘ஆஸ்’ நம் ‘அவ்வளவு’. இரண்டாம் ‘ஆஸ்’ நம் ‘போல்’. ‘போல்’ என்றவுடன் நமக்கு ‘லைக்’ நினைவுக்கு வருவதாலும், ‘விட’ என்பதற்குரிய ‘தேன்’ அருகிலேயே காத்திருப்பதாலும், இரண்டாம் ‘ஆஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் அவ்விரண்டில் ஒன்று புகுந்துவிடுகிறது. இரண்டு ‘ஆஸ்’களுக்கும் இடையில் வரும் சொல் தரம் சேராத வெறுஞ்சொல்லாகவே இருக்க வேண்டும், ‘லவுட்’ வரலாம், ‘லவுடர்’ வரலாகாது.

இது வெறும் வாய்பாடன்று என்பதற்கு பட்டாசுச் சட்டமே திருஷ்டாந்தம். 1999இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில், ஒலி 125 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. சரவெடியில் கோத்த ஒவ்வொரு வெடிக்குமோ, எண்ணிக்கை கூடக்கூட இந்த வரம்பு குறைந்துகொண்டே வந்து, 100 வெடி சேர்ந்த சரத்தில் 115 ஆகவும், 1000 சேர்ந்ததில் 110 ஆகவும் இறங்குகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால், ‘சரத்திலுள்ள வெடி தனிவெடியைப்போல் அவ்வளவு சத்தமாக இருக்கக்கூடாது’ என்பதற்கு ‘நாட் ஆஸ் லவுட் ஆஸ்’ என்பதே கருவி. எதிர்மறையில் இது வெறும் சமமின்மையைக் குறிப்பதன்று, ‘அதைவிடக் குறைவு’ என்ற திசையையும் குறிப்பது. ‘நாட் லவுடர் தேன்’ என்று எழுதினாலோ, தனிவெடிக்குச் சமமான சத்தமும் அனுமதிக்கப்பட்டதாகிவிடும்.

லேபிள் எழுதுபவர் ஒருவரின் தாளை இப்படித் திருத்திப் பார்க்கலாம். அவர் மனத்திலுள்ள தமிழ் இது: ‘இது பழைய சரத்தைவிட மிகவும் பாதுகாப்பானது; புகையும் மிகக் குறைவு; சத்தமும் அதைப்போல் அவ்வளவு இல்லை.’ அவர் முதலில் எழுதிய ஆங்கிலம்: ‘மோர் சேஃபர் தேன்’, ‘மோஸ்ட் லோவஸ்ட் ஸ்மோக்’, ‘நாட் ஆஸ் லவுடர் லைக்’. முதலாவதில் தரம் விகுதியில் இருப்பதால் ‘மோர்’ நீங்கி, அழுத்தத்துக்கு ‘மச்’ வருகிறது: ‘மச் சேஃபர் தேன்’. இரண்டாவதில் உச்சத்தரமே பொருந்தவில்லை. உலகிலேயே புகை குறைந்த சரம் இதுவென்பது அவர் கருத்தன்று. பழைய சரத்தோடு ஒப்பிட்டதே ஆதலால், ‘ஃபார் லெஸ் ஸ்மோக்’ என்று எழுத வேண்டும். மூன்றாவது ‘நாட் ஆஸ் லவுட் ஆஸ்’ ஆகிறது.

இவ்விரண்டாவது திருத்தத்தை நான் வலியுறுத்துவதற்கு விசேஷ காரணம் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்த பிறகு, நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறைகளில், வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் மாசு குறைந்தபட்சம் 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது நிபந்தனை. எதைவிட 30 சதவீதம் என்பதைச் சொல்லாமல் வெறுமனே ‘லெஸ்’ என்றோ, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டதை ‘லோவஸ்ட்’ என்றோ அச்சிட்டால், அந்த நிபந்தனையின் பொருளே பெட்டியில் காணாமற்போகிறது. ‘தேன்’ என்ற சிறு சொல்லுக்குப் பின்னே வழக்கமான பட்டாசின் பெயரை நிறுத்தினால்தான், வாங்குபவருக்குச் சொல்லப்பட்டது இன்னதென்று விளங்கும்.