ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

மே மாதக் கடைசி வாரம். பள்ளி திறக்க நாலு நாள்தான் பாக்கி. வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஏசி ஹாலில் 'மகிழ்ச்சியான வகுப்பறை' பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பின்வரிசையில் ஒருவர் பாடத்திட்டம் எழுதுவார், இன்னொருவர் அட்டவணையில் கோடு போடுவார். பேச்சு முடிந்ததும் டீ, சமோசா, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. தனியார் பள்ளிகளில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை.

இப்போது இதற்கு ஒரு கணக்கும் சேர்ந்துவிட்டது. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும் என்றது. சிபிஎஸ்இ அதைத் தன் பள்ளிகளுக்கு விதியாகவே ஆக்கி இரண்டாகப் பிரித்தது. 25 மணி நேரம் வாரியமும் அரசுப் பயிற்சி நிறுவனங்களும் நடத்துபவை. மீதி 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளேயோ, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த சகோதயா குழுமத்திலோ நடத்திக்கொள்ளலாம். இந்த இரண்டாவது 25 மணி நேரம்தான் பள்ளியின் கையில் இருப்பது. அதில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் வேலைக்குத்தான் பயிற்சித் தேவை ஆய்வு என்று பெயர்.

பெரும்பாலான பள்ளிகள் இதை ஒரே கேள்வியில் முடித்துவிடுகின்றன. 'உங்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும்?' என்று ஒரு கூகுள் படிவம் வாட்ஸப் குழுவில் வந்து விழும். ஸ்மார்ட் போர்டு, மன அழுத்தம், ஆங்கிலப் பேச்சு என்று பதில்கள் வரும். ஆசிரியர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்டது ஆசையை, ஆகவே வந்ததும் ஆசைப் பட்டியல். போன மாதம் எந்த விளம்பரம் கண்ணில் பட்டதோ அதுவும் அதில் கலந்திருக்கும்.

தேவையை அறிய வேண்டுமானால் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் உண்மையில் செய்யும் பதினைந்து, இருபது வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி வைப்பார்கள். என் வகுப்புக்கு இது எவ்வளவு முக்கியம்? இதை நான் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன்? இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. வேலையை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். 'மாணவர்களைச் சிறப்பாக மதிப்பிட்டு ஊக்கப்படுத்துகிறேன்' என்று எழுதினால் அதில் இரண்டு வேலை இருக்கிறது, 'சிறப்பாக' என்ற சொல் வேறு இருக்கிறது. யார்தான் 2 போடுவார்? 'தவறான விடையைப் பார்த்ததும் மாணவன் எங்கே குழம்பினான் என்று கண்டுபிடிக்கிறேன்' என்று எழுதினால் யோசித்துத்தான் போட வேண்டியிருக்கும்.

ஒரு பள்ளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நடுத்தர ஊர், சிபிஎஸ்இ பாடத்திட்டம், 48 ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வரை 16 பேர், ஆறு முதல் எட்டு வரை 12 பேர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 20 பேர். படிவத்தை ஜனவரியில் அனுப்புகிறார்கள். பிப்ரவரியில் பொதுத் தேர்வு தொடங்கிவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது, ஏப்ரலில் கேட்டால் முழு ஆண்டின் களைப்புதான் பதிலாக வரும்.

படிவத்தில் பெயர் கேட்கவில்லை. எந்த வகுப்புப் பிரிவு, எத்தனை ஆண்டு அனுபவம் என்று மட்டும் கேட்டார்கள். பாடத்தையும் கேட்கலாமே என்றால், பள்ளியில் ஒரே ஒரு வேதியியல் ஆசிரியர்தான் இருக்கிறார். பாடத்தைக் குறித்தாலே அவர் யாரென்று தெரிந்துவிடும், பிறகு எல்லாவற்றுக்கும் 4, 5 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். சம்பள உயர்வுக்கான மதிப்பீட்டில் இந்தப் பதில்கள் சேராது என்று முதல்வர் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். எல்லா வரியிலும் சராசரி நாலுக்கு மேல் வந்தால், அந்தப் பள்ளியில் குறை இல்லை என்று பொருளில்லை, பயம் இருக்கிறது என்று பொருள்.

பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது, திறன் அடிப்படையிலான வினா எழுதுதல் என்ற வரியில் பள்ளி முழுவதற்குமான இடைவெளி 1.2 வந்தது. பெரிதாகத் தெரியவில்லை. பிரிவு பிரிவாகப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தொடக்க வகுப்புகளில் 0.3, நடுநிலையில் 1.0, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 2.1. பள்ளிச் சராசரியை மட்டும் நம்பியிருந்தால், ஒன்று இதை விட்டிருப்பார்கள், அல்லது 48 பேரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸுக்கு அந்தச் சனிக்கிழமை தண்டம். மேல் வகுப்புகளில் இடைவெளி பெரிதாக இருப்பதற்குக் காரணமும் தெரிந்ததே. சிபிஎஸ்இ தேர்வுகளில் இப்போது பாதி அளவுக்கு இத்தகைய வினாக்கள் வருகின்றன.

ஆனால் இது ஆசிரியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. இரண்டாவது சாட்சி வேண்டும். ஒருங்கிணைப்பாளரும் மூத்த ஆசிரியர் ஒருவரும் உட்கார்ந்து, அரையாண்டுத் தேர்வுத் தாள்களில் 'திறன் வினா' என்று குறிக்கப்பட்டிருந்த 60 வினாக்களைப் படித்தார்கள். ஒன்று இப்படி இருந்தது: 'ரமேஷ் தாத்தாவுடன் தோட்டத்துக்குப் போனான். அங்கே பச்சைச் செடிகளைப் பார்த்து மகிழ்ந்தான். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' ரமேஷையும் தாத்தாவையும் எடுத்துவிட்டாலும் விடை மாறாது. அது மனப்பாடக் கேள்விதான், கதைச் சட்டை போட்டிருக்கிறது. இன்னொன்று: 'மீன் தொட்டியில் உள்ள நீர்ச்செடியிலிருந்து விளக்கு எரியும்போது குமிழ்கள் வருகின்றன, அணைத்தால் நிற்கின்றன. குமிழில் இருக்கும் வாயு எது? குமிழ்கள் விளக்கின் சூட்டால் வருகின்றன என்கிறாள் உன் தோழி. அவள் சொல்வது சரியா என்று எப்படிச் சோதிப்பாய்?' இதற்குப் புத்தகத்து வரியை எழுதிவிட்டுத் தப்ப முடியாது. 60-இல் இந்த இரண்டாம் வகை 22 மட்டுமே.

இந்த எண்ணால்தான் அறிக்கைக்குப் பலம். படிவம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது, வினாத்தாள் அதை உறுதி செய்ததோடு, எந்த இடத்தில் தடுக்கிறது என்றும் காட்டியது. ஆசிரியர்களுக்கு இந்த வகை வினா வேண்டும் என்பது தெரிகிறது, சூழலையும் அமைக்கிறார்கள். அந்தச் சூழலைப் பயன்படுத்தாமல் விடை எழுத முடியாதபடி வினாவைக் கட்டுவதுதான் வரவில்லை. அப்படியென்றால் திறன் அடிப்படைக் கல்வியின் தத்துவம் பற்றிய உரை தேவையில்லை, உட்கார்ந்து வினா எழுதித் திருத்தும் பட்டறைதான் தேவை.

இடைவெளி பெரிதாக வந்த இன்னொரு வரி, மாணவர் நோட்டில் பயனுள்ள குறிப்பு எழுதுதல். இங்கேதான் பல பள்ளிகள் தடம் மாறும். உடனே 'பின்னூட்டம் அளிக்கும் கலை' என்று ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகிவிடும். ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு வேலை நடக்கவில்லையென்றால் அவர்கள் முதலில் கேட்கச் சொல்வது இது: உயிரே போகும் என்ற நிலை வந்தால் இவரால் அந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் குறை திறமையில் இல்லை, பயிற்சி கொடுத்துப் பயனில்லை. நம் பள்ளியில் ஆறு பிரிவுகளுக்கு எடுக்கும் ஆசிரியர் வாரம் 240 நோட்டு திருத்துகிறார். டிக் போடவே நேரம் போதவில்லை. அவருக்கு எழுதத் தெரியும். வாரம் ஒரு பிரிவுக்கு மட்டும் விரிவான குறிப்பு, மற்றவற்றுக்குச் சுருக்கமான திருத்தம் என்று முதல்வர் விதியை மாற்றினால் தீர்ந்தது. ஆகவே அறிக்கையில் 'பயிற்சியால் தீராதவை' என்று தனித் தலைப்பு கட்டாயம் வேண்டும். ப்ரொஜெக்டர் ஆபீஸில் பூட்டிக் கிடப்பதும், சப்ஸ்டிட்யூஷனில் ஓய்வு பீரியடு போவதும் அங்கேதான் வரும். தாளாளருக்குப் பிடிக்காத பக்கம் அது. அதனாலேயே பல அறிக்கைகளில் அது இருப்பதில்லை.

கழித்தல் கணக்குக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குப் பாடத்தை மாற்றித் தருதல் என்ற வரியில் இடைவெளி 0.5 மட்டுமே வந்தது. ஆனால் அதற்குக் காரணம் திறமை அல்ல. முக்கியத்துவத்துக்கே 3-தான் போட்டிருந்தார்கள். 'என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை' என்று ஒருவர் குறிப்பும் எழுதியிருந்தார். 40 பேர் உள்ள வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் குழந்தையை 'சோம்பேறி' என்று எண்ணிக்கொண்டிருந்தால், அப்படி ஒருவரும் இல்லை என்றுதான் தோன்றும். இல்லாத தேவையும் தெரியாத தேவையும் படிவத்தில் ஒரே மாதிரி தெரியும். ஓஇசிடி அமைப்பு 2018-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பதில் பயிற்சி மிகவும் தேவை என்று 22 விழுக்காட்டினர் சொன்னார்கள். கணினித் தொழில்நுட்பத்துக்கு அப்படிச் சொன்னவர்கள் 18 விழுக்காடு. நம் ஊர்ப் படிவத்தில் ஸ்மார்ட் போர்டு முன்னுக்கு வந்து இந்தக் குழந்தை பின்னுக்குப் போயிருந்தால், அதை அப்படியே ஏற்காமல், தேர்ச்சிப் பட்டியலில் தொடர்ந்து கடைசியில் இருக்கும் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அறிக்கை நாலு பக்கம் போதும். வண்ண வண்ண பை சார்ட்டுகளை நான் பெரிதும் மதிப்பதில்லை. முதல் பக்கத்திலேயே முடிவுகள் இருக்க வேண்டும்: எந்தத் தேவை, யாருக்கு, எந்தச் சான்று, எத்தனை மணி நேரம். நம் பள்ளியின் மேல் வகுப்பு ஆசிரியர்களுக்கு 25 மணி நேரம் இப்படிப் பிரிந்தது. வினா எழுதும் பட்டறை 10 மணி, ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரமாக. கற்றல் குறைபாட்டை அடையாளம் காண 6 மணி, இது 48 பேருக்கும். ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து பார்த்துப் பிறகு பேசிக்கொள்ள 5 மணி. மீதி 4 மணியை எதுவும் போடாமல் விட்டிருந்தார்கள். நடு ஆண்டில் வாரியத்திடமிருந்து ஏதாவது சுற்றறிக்கை வரும், அதற்கு இடம் வேண்டாமா?

அறிக்கையை ஆசிரியர்களுக்கும் கொடுக்க வேண்டும், முழுதாக. தாங்கள் சொன்னது எங்கே போனது என்று தெரியாவிட்டால் அடுத்த ஜனவரியில் படிவம் பாதிதான் திரும்பி வரும்.

ஸ்மார்ட் போர்டு கேட்டவர்களுக்கும் அறிக்கையில் ஒரு வரி பதில் இருந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாதது இரண்டே விஷயம்: போர்டில் எழுதியதைச் சேமிப்பது, படத்தின் மேல் குறிப்பது. அது தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவர் மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள்.

பட்டறை பலித்ததா என்பதை, முடிவில் வாங்கும் கருத்துப் படிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. உணவு நன்றாக இருந்தால் அதில் மதிப்பெண் ஏறும். அதே இருவர், இந்த ஆண்டு அரையாண்டுத் தாள்களிலிருந்து 60 வினாக்களை அதே அளவுகோலில் மறுபடி படிப்பார்கள் என்று அறிக்கையிலேயே தேதியோடு எழுதியிருந்தது. 22 என்ற எண் 35-ஐத் தாண்டாவிட்டால் அக்டோபர் அமர்வில் புது வினா எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தாள்களில் தவறிய வினாக்களையே எடுத்து, எழுதியவர்களோடு சேர்ந்து திருத்துவார்கள்.