எழுத்திலிருந்து காட்சிக்கு

ஜெய்ப்பூரில் பயிலும் தமிழ் மாணவி ஒருத்தி, அந்நகரின் ஜந்தர் மந்தரைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினாள். எண்ணூறு சொற்கள் கொண்ட அதனை இரண்டு நிமிடக் காணொலியாக மாற்ற வேண்டியிருந்தது. நிதானமாகப் படித்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு சொற்களையே தெளிவாகச் சொல்ல இயலும். ஆகவே கட்டுரை முழுவதையும் படிக்க எட்டு நிமிடங்கள் ஆகும். காட்சிகளுக்கு நடுவே சிறிது அமைதியும் தேவை. எனவே குரலுக்கு நூற்றைம்பது சொற்களே எஞ்சின.

முதலில் அவள் ஒவ்வொரு பத்தியையும் சிறிது சிறிதாகச் சுருக்கினாள். மன்னர் வரலாறு, சுமார் இருபது கருவிகளின் பெயர்கள், 2010இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் சிறப்பு ஆகிய அனைத்தும் ஒவ்வொரு வரியாக அதில் இடம்பெற்றன. ஆனால் அது வெறும் பட்டியலாக அமைந்தது. எதுவும் மனத்தில் நிற்கவில்லை. பின்னர் அவள், “இதில் கண்ணால் கண்டால் மட்டுமே விளங்குவது எது?” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். விடை ஒன்றே: பெரிய சாம்ராட் யந்திரத்தின் நகரும் நிழல்.

அது சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் சாய்சுவரின் நிழல், இருபுறமும் உள்ள வில்வடிவ அளவுகோல்களின்மேல் விழுந்து நேரத்தைக் காட்டும். நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும். கட்டுரையில் இதனை விளக்க ஒரு பத்தி முழுவதும் தேவைப்பட்டது. காணொலியில் நிழலே பேசும். ஆகவே அப்பத்தி நீங்கியது. கண் காண்பதைக் குரல் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் படம்பிடிப்பது எளிதாக இல்லை. நிழலின் விளிம்பை மிக அருகிலிருந்து எடுத்தபோது கோடே தெரியவில்லை. சூரியன் ஒரு புள்ளியன்று, வட்டு. அதனால் தொலைவிலுள்ள சுவரின் நிழல்விளிம்பு பல சென்டிமீட்டர் அகலத்திற்கு மங்கலாகவே விழும். சற்று விலகி நின்று எடுத்தபோதே விளிம்பு தெளிந்தது. ஒரு நிமிட நகர்வும் போதவில்லை; அது மங்கலுக்குள்ளேயே மறைந்தது. ஆகவே கைப்பேசியை அசையாத முக்காலியில் பொருத்திப் பத்து நிமிடங்கள் பதிவு செய்தாள். படத்தின் ஒளி அளவு தானாக மாறாதவாறும் நிறுத்தி வைத்தாள். அப்பதிவு அறுபது மடங்கு வேகத்தில் பத்து நொடிக் காட்சியாயிற்று. ‘பத்து நிமிடம், பத்து நொடியில்’ என்னும் வரியைத் திரையில் இட்டாள். அவ்வரி இல்லையெனில் நிழல் உண்மையிலேயே அவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று காண்போர் எண்ணிவிடுவர்.

அடுத்து, எதனை விடுவது என்னும் கேள்வி எழுந்தது. மற்றக் கருவிகளின் பெயர்கள் நீங்கின. மன்னர் வரலாறு, ‘இரண்டாம் சவாய் ஜெய்சிங், பதினெட்டாம் நூற்றாண்டு’ என்னும் ஒற்றை வரியாகத் திரையின் அடியில் அமைந்தது. நேர வேறுபாடு பற்றிய பத்தி கடினமானது என்று எண்ணி அதனையும் அவள் நீக்கிவிட்டாள்.

முதல் வடிவத்தைப் பார்த்த தோழி, “நிழல் காட்டும் நேரமும் உன் கைக்கடிகாரமும் ஒத்துப்போகவில்லையே! கருவி பழுதா?” என்று கேட்டாள். பிழை கருவியில் இல்லை; வெட்டியதில்தான் இருந்தது. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜெய்ப்பூரோ அதற்கு ஏறத்தாழ 6.7 பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே நிழல், கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 27 நிமிடம் பின்தங்கிய நேரத்தைக் காட்டும். நாளுக்கேற்ப இவ்வேறுபாடு கூடும், குறையும்.

அவள் அப்பத்தியை அப்படியே திரும்பச் சேர்க்கவில்லை. கைக்கடிகாரமும் நிழலும் ஒரே சட்டத்தில் தெரியுமாறு ஒரு காட்சி எடுத்தாள். அதனுடன், “இந்நிழல் காட்டுவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம், கைக்கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்குமான பொது நேரம்” என்னும் குரலைச் சேர்த்தாள். கணக்கு, கோட்டுப்படமாகச் சில நொடிகள் திரையில் நின்றது.

ஒரு பகுதியை நீக்கியபின், எஞ்சியது காண்போரிடம் தவறான எண்ணத்தை உண்டாக்கினால் அப்பகுதியை நீக்கலாகாது. அதன் வடிவத்தையே மாற்ற வேண்டும். நீக்கியும் பொருள் கெடாதது எதுவோ அதனையே விடலாம்.

சொற்பொருள்
பாகை – கோண அளவு. வட்டு – வட்ட வடிவம். விளிம்பு – ஓரம். பழுது – குறை.

பயிற்சி
1. நிழலை மிக அருகிலிருந்து எடுத்தபோது விளிம்பு தெரியாதது ஏன்?
2. நேர வேறுபாடு பற்றிய செய்தி மீண்டும் சேர்க்கப்பட்டதன் காரணம் யாது?
3. நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, ‘காட்சி’, ‘குரல்’, ‘விடுவது’ என்னும் மூன்று பிரிவுகளாக எழுதுக.