இறங்கும்போதுதான் வலி

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 34. சிங்கப்பூர்ல கட்டட வேலை. மூணு வருஷமா தினமும் சாரத்துல ஏறி இறங்குறேன். ரெண்டு முட்டியும் வலிக்குது. ஏறும்போது சமாளிச்சிடுறேன், இறங்கும்போதுதான் உயிர் போகுது. லாரியில முட்டிய மடக்கி உக்காந்து வந்தா, டார்மிட்டரியில இறங்குறப்ப உடனே நிமிர முடியல. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வலி மாத்திரை போட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

யாரோ ஒருவரின் கடிதமல்ல இது. அயல்நாட்டுச் சாரங்களில் நிற்பவர்கள் கிளினிக்குகளுக்குச் சொல்லும் குறைகளை வைத்து நான் எழுதிய மாதிரி. ஆனால் மருத்துவருக்கு இதில் நிறையச் செய்தி இருக்கிறது. 'முட்டி வலி' என்பது அவருக்குப் பெரிதல்ல. எப்போது வலிக்கிறது என்பதைத்தான் அவர் தேடுவார். இறங்கும்போது, மடக்கி உட்கார்ந்து எழும்போது என்று இரண்டு இடத்தைக் கடிதம் சொல்லிவிட்டது. இரண்டும் முழங்கால் சில்லைக் காட்டுகின்றன.

சில்லு என்பது தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடும் சிறு எலும்பு. காலை மடக்க மடக்க, முன்தொடைத் தசை அதைத் தொடை எலும்போடு அழுத்துகிறது. சமதரையில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். படிக்கட்டில் அது மூன்று மடங்கு அளவுக்குப் போகும். 70 கிலோ ஆள் என்றால் ஒவ்வொரு படிக்கும் 200 கிலோவுக்கு மேல். இறங்கும்போது மடங்கிய ஒற்றைக்கால் மொத்த உடம்பையும் தாங்கிக்கொண்டே மெல்லக் கீழே விட வேண்டும். இடுப்பில் பெல்ட்டும் ஸ்பானரும் தொங்கினால் அந்தப் பாரமும் சேரும். அதனால்தான் ஏற்றத்தைவிட இறக்கம் வலிக்கிறது.

இந்த வலிக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அதற்காக வலி பொய்யில்லை. சில வாரங்கள் ஏணி இறக்கத்தைக் குறைத்து, முன்தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுவாக்கும் பயிற்சியை ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் பலருக்குக் குறையும். மாத்திரை வலியை மறைக்கும், பாரத்தைக் குறைக்காது. வெயிலில் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம்.

கடிதம் இத்தோடு முடிந்திருந்தால் விஷயமும் முடிந்திருக்கும். கீழே இன்னும் நாலு வரி:

"சொல்ல மறந்துட்டேன். ரெண்டு மாசம் முன்ன மழை ஈரத்துல ஏணிப்படி வழுக்கி இடது முட்டி திருகிக்கிச்சு. அப்ப வேலையப் பாத்துட்டேன். மறுநாள் காலையில வீங்கிப்போச்சு. இப்ப சில நேரம் மடக்குன கால் பிடிச்சுக்குது, நீட்ட வரல. சூப்பர்வைசர்கிட்ட சொல்லல."

மருத்துவர் அடிக்கோடிடுவது இங்கேதான். இரண்டு கால் வலியிலிருந்து இடது கால் தனியாகப் பிரிந்துவிட்டது. திருகல், சில மணி நேரம் கழித்து வீக்கம், நீட்ட முடியாத பிடிப்பு: மூன்றும் சேர்ந்தால் மூட்டின் நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கலாம். விழுந்த ஓரிரு மணி நேரத்திலேயே வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது எலும்பை இணைக்கும் நாண் அறுந்ததா, எலும்பு உடைந்ததா என்று பார்ப்பார்கள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. கையால் மடக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். சின்னக் கிழிசல் பல பயிற்சியிலேயே அடங்கும். கால் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டால் தள்ளிப்போடக் கூடாது, துளை வழி அறுவை தேவைப்படலாம்.

அந்த நாலு வரிக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலையில் நடந்த விபத்தைப் பார்க்கிறது. வழுக்கியது தன் தவறாகவே இருந்தாலும் கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து வந்த வலியை ஒரு விபத்தோடு இணைத்துக் காட்டுவது கடினம்; வழுக்கிய ஒரு நாளைக் காட்டுவது அவ்வளவு கடினமல்ல. ஆனால் யாரிடமும் சொல்லாமல் விட்ட இரண்டு மாதம், காயம் சைட்டில் பட்டதா, டார்மிட்டரியில் பந்து விளையாடியபோது பட்டதா என்ற கேள்விக்கு இடம் கொடுக்கும். வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏஜென்டுக்குக் கட்டிய கடன் அப்படி.

ஆகவே மருத்துவரின் பதில் மருந்துச் சீட்டோடு நிற்காது. வழுக்கிய தேதி, எந்த சைட், எத்தனையாவது தட்டு, பக்கத்தில் இருந்தவர் யார் என்று கேட்டு, சொன்னதை அப்படியே குறிப்பில் ஏற்றுவார். லைட் டியூட்டி என்று மட்டும் எழுதாமல் 'ஏணி ஏறக் கூடாது, குந்தக் கூடாது' என்று விரித்து எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது. வெறும் லைட் டியூட்டி என்றால், பாரம் தூக்காமல் சாரத்தில் நின்றால் போதும் என்று சூப்பர்வைசர் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம்.